தம்பட்டமும் வேண்டாம், கும்பிடும் வேண்டாம்

நேயர்களில் பலர் இப்போது யூடியூபில் சொந்தமாகச் சேனல் தொடங்கிக்கொண்டிருக்கிறீர்கள். சமையல், கோலம், மாடித் தோட்டம், வீணைப் பாடம் என்று தெருவுக்குத் தெரு சேனல்! நல்ல காரியந்தான். ஆனால் காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்து, "என் சேனலில் இன்னது கிடைக்கும்" என்று சொல்ல வேண்டிய கட்டம் வந்ததும் பலருக்கு நாக்குக் குழறுகிறது. ஒன்று, தம்பட்டம் வந்து ஏறிக்கொள்கிறது. இல்லாவிட்டால் வெட்கம் வந்து வாயைக் கட்டிவிடுகிறது. இந்த வாரம் அந்த அறிமுக வீடியோவைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

முதலில், அதைப் பார்க்கப் போவது யார்? YouTube Studio-வில் Customization என்ற பகுதிக்குப் போய்ப் பாருங்கள். அறிமுக வீடியோவுக்கு என்றே ஓர் இடம் ஒதுக்கி, Channel trailer for people who haven't subscribed என்று எழுதியிருக்கும். அதாவது, இன்னும் சந்தாதாரர் ஆகாதவர்களுக்கு மட்டுந்தான் அது காட்டப்படும். உங்கள் அத்தை, மாமா, ஆபீஸ் சிநேகிதர்கள் எல்லாம் முதல் நாளே சேர்ந்திருப்பார்கள், அவர்களுக்கு அல்ல. உங்களுடைய வேறொரு வீடியோவை எங்கேயோ பார்த்துவிட்டு, "இங்கே வேறு என்ன இருக்கிறது?" என்று எட்டிப் பார்க்கும் முன்பின் தெரியாத ஆசாமிக்குத்தான் அது. வாசற்படியில் நிற்கிறவரிடம் வம்சாவளி சொன்னால் நிற்பாரா? நடையைக் கட்டிவிடுவார்!

எனக்குத் தெரிந்த தையற்கார அம்மாள் ஒருவர், காலால் மிதிக்கும் தையல் மிஷின்களைப் பழுது பார்ப்பதைப் பற்றிச் சேனல் தொடங்கினார். அறிமுக வீடியோவுக்காக எழுதி வைத்திருந்ததைக் காட்டினார். "தமிழகத்தில் முதல் முறையாக! தையல் மிஷினின் அத்தனை ரகசியங்களும் ஒரே இடத்தில்! உங்கள் வாழ்க்கையையே மாற்றப்போகும் சேனல்!" என்று ஆரம்பித்தது.

"அம்மா, முதல் முறை என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள், தம்பி!" என்றார்.

மறு நாள் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினார். இப்போது இப்படி: "எனக்கு அவ்வளவாகப் படிப்பில்லை. பேசவும் வராது. தப்பு இருந்தால் பெரிய மனசு பண்ணி மன்னித்து, ஆதரவு கொடுங்கள்."

பார்த்தீர்களா? முதலாவது தம்பட்டம், இரண்டாவது கும்பிடு. ஒன்றுக்கொன்று நேர் எதிர் போலத் தோன்றினாலும் இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை. இரண்டிலும் பேச்சு சொல்கிறவரைப் பற்றியே இருக்கிறது; பார்க்கிறவருக்கு என்ன கிடைக்கும் என்பது எதிலும் இல்லை. தற்பெருமையைத் தவிர்ப்பதற்குத் தன்னைத் தாழ்த்திக்கொள்வது மருந்தல்ல. தன்னை விட்டுவிட்டுச் சரக்கைப் பற்றிப் பேசுவதுதான் மருந்து.

மூன்றாவது தடவை, எழுதுவதற்கு முன் அந்த அம்மாளிடம் ஒரு கேள்வி கேட்டேன். "உங்களிடம் மிஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அதிகமாகச் சொல்லும் குறை என்ன?" யோசிக்காமல் பதில் வந்தது. "துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சிக்கிக்கொள்கிறது என்பார்கள். கீழே சிக்குவதால் பாபினில்தான் கோளாறு என்று அதைப் போட்டுத் திருகுவார்கள். பெரும்பாலும் தப்பு மேல் நூலில்தான் இருக்கும்."

அவ்வளவுதான், அறிமுக வீடியோ கிடைத்துவிட்டது! அது முடிவில் அமைந்த விதத்தைச் சொல்கிறேன்.

வீடியோ தொடங்கும்போது முகமே தெரியாது. துணியின் அடிப்பக்கம், அதில் கொத்தாய்ச் சிக்கிய நூல். குரல் மட்டும் கேட்கும்: "உங்கள் மிஷினிலும் நூல் இப்படிச் சிக்குகிறதா? பாபினைத் தொடாதீர்கள். மேல் நூலை முழுக்க உருவிவிட்டு, துணியை அழுத்தும் பாதத்தை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, திரும்பவும் கோத்துப் பாருங்கள். பாதம் கீழே இருந்தால் நூலைப் பிடிக்கும் இரண்டு வட்டத் தகடுகளும் நெருங்கியிருக்கும். நூல் நடுவில் போய் உட்காராது." உடனே கோத்து, நாலு அங்குலம் தைத்து, துணியைத் திருப்பிக் காட்டுகிறார். தையல் சுத்தமாக இருக்கிறது. இதற்குள் அரை நிமிஷம் ஆகிவிட்டது.

பிறகுதான் முகம். "காலால் மிதிக்கும் மிஷின்களில், ஒரு திருப்புளி, ஒரு பிரஷ், கொஞ்சம் மிஷின் எண்ணெய் இவற்றைக் கொண்டு வீட்டிலேயே சரி செய்யக்கூடிய கோளாறுகளை இங்கே காட்டுகிறேன். ஒரு வீடியோவுக்கு ஒரு கோளாறு. மாதத்துக்கு இரண்டு வீடியோ வரும். மின்சார மிஷின், கம்ப்யூட்டர் மிஷின் பற்றி இங்கே இருக்காது. நான் 22 வருஷமாகத் தையல் வேலை செய்கிறேன். இப்படிக் கோத்தும் நூல் சிக்கினால், அடுத்த காரணம் முதல் வீடியோவில் இருக்கிறது." முடிந்தது. மொத்தம் ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேல்.

இதில் "சிறந்த", "எளிய", "பயனுள்ள" என்ற சொற்கள் எங்கேயாவது உண்டா? இல்லை. அவையெல்லாம் பார்க்கிறவர் சொல்ல வேண்டியவை. இங்கே உள்ள ஒவ்வொரு வாக்கியமும், உண்மையா பொய்யா என்று பார்க்கிறவரே சோதித்துக்கொள்ளக் கூடியது. திருப்புளியும் பிரஷும் போதும் என்றாரே, போதுகிறதா? மாதம் இரண்டு என்றாரே, வருகிறதா? அனுபவத்தைக்கூட "அனுபவம் மிக்க" என்று சொல்லாமல் 22 வருஷம் என்று கணக்காகச் சொல்லி, அதையும் கடைசியில் வைத்துவிட்டார். இன்னது கிடையாது என்று சொன்னது இன்னும் விசேஷம். கம்ப்யூட்டர் மிஷின்காரர் ஏமாறாமல் போய்விடுவார், மிதிக்கும் மிஷின் வைத்திருப்பவர், "அட, இது நமக்கென்றே இருக்கிறது!" என்று உட்காருவார்.

ஓர் எச்சரிக்கை. வாரம் மூன்று வீடியோ என்று உற்சாகத்தில் சொல்லிவிட்டு, இரண்டாவது மாதமே மூச்சு வாங்குகிறவர்கள் உண்டு. நாலு வீடியோவாவது எடுத்து முடித்த பிறகு அறிமுகத்தை எடுங்கள். ஒரு வீடியோவுக்கு எத்தனை நாள் பிடிக்கிறது என்று அப்போதுதான் தெரியும். அந்தக் கணக்கில் பாதியை வாக்களியுங்கள். போனைப் படுக்கை வசமாகப் பிடித்து எடுப்பதும் முக்கியம். 2024 அக்டோபரிலிருந்து, நெட்டுக்குத்தாகவோ சதுரமாகவோ எடுத்த மூன்று நிமிஷத்துக்கு உட்பட்ட வீடியோக்களை யூடியூப் ஷார்ட்ஸ் கணக்கில் சேர்த்துவிடுகிறது.

வீடியோ தேறியதா என்று எப்படித் தெரியும்? உங்களை அறியாத ஒருவரிடம் ஒரே ஒரு தடவை காட்டிவிட்டு, "இந்தச் சேனலில் என்ன கிடைக்கும்?" என்று கேளுங்கள். "யாரோ ஓர் அம்மாள் நன்றாகப் பேசுகிறார்" என்றால் தேறவில்லை. "மிதிக்கிற மிஷின் ரிப்பேர்" என்றால் தேறிவிட்டது. வெளியிட்ட பிறகு, எந்த விநாடியில் எத்தனை பேர் எழுந்து போகிறார்கள் என்பதைக் காட்டும் கோடு YouTube Studio-வில் இருக்கிறது. நூறு பேராவது பார்க்கும் வரையில் அதை நம்ப வேண்டாம். பிறகு, கோடு எங்கே சட்டென்று சரிகிறதோ அந்த இடத்தில் என்ன பேசினீர்கள் என்று பாருங்கள். அநேகமாக அங்கே "நான்" என்ற சொல் உட்கார்ந்திருக்கும்!

பதிவேற்றிய வீடியோவின் இடத்தில் அதே முகவரியில் வேறொன்றை வைக்க முடியாது. ஆனால் புதிதாக ஒன்றை ஏற்றி, அந்த அறிமுக இடத்துக்கு அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். சேனலின் சரக்கு மாறும்போது வாசல் பலகையும் மாற வேண்டியதுதானே?