பாட்டின்னு கூப்பிட்டேன், அவங்களுக்கு வயசு 39

ஆமத்தூர் பக்கம் ஒரு கிளினிக்கில் இருந்தப்போ நான் செஞ்ச தப்பு இது. ஒரு சாயங்காலம் வலது கையில் துணி சுத்திக்கிட்டு ஒரு அம்மா வந்தாங்க. தலை முழுக்க வெள்ளை, முகம் சாம்பல் பூத்த மாதிரி. கூட ஒரு ஆள். "வாங்க பாட்டி, மகனைக் கூட்டிட்டு வந்தீங்களா?"ன்னு கேட்டுட்டேன்.

அது நரை இல்லைங்க, அலுமினியப் பவுடர். பட்டாசு ஆலையில் வேலை முடிஞ்சு நேரா வந்திருக்காங்க. சீட்டில் வயசு 39. கூட வந்தவர் வீட்டுக்காரர்.

அதுக்கப்புறம் அவங்க வாயே திறக்கலை. எப்படிச் சுட்டது, சுகர் இருக்கா, எல்லாத்துக்கும் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். சுகர் இல்லைன்னார். மூணாம் நாள் கட்டு மாத்த வரச் சொன்னேன், வரலை. பத்து நாள் கழிச்சு புண் சீழ் பிடிச்சு வந்தாங்க. "பாட்டி" மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். அன்னாடக் கூலிக்கு லீவு போடுறது லேசில்லை. ஆனா பேச்சை முறிச்சது நான்தான்.

ஆள் யாருன்னு தெரியாதப்போ தமிழில் ஒரு வசதி இருக்கு. வினைச்சொல் கடைசியில் வர்ற "ங்க" போதும். "வாங்க, உட்காருங்க, சொல்லுங்க." இதில் வயசும் இல்லை, உறவும் இல்லை, நீயா நீங்களாங்கிற கேள்வியும் இல்லை. (ஒருத்தரைப் பன்மையில் சொல்றது வழக்கில் வந்த மரியாதை, இலக்கண விதி இல்லைன்னு தொல்காப்பியமே சொல்லுது. அவ்வளவு பழைய பழக்கம்.)

கூப்பிட்டே ஆகணும்னா அம்மா, ஐயா. பத்து வயசுப் பொண்ணையும் "என்னம்மா"ங்கிறோம், எண்பது வயசுக்காரங்களையும் அப்படித்தான். எங்க பக்கம் ஆம்பளைகளுக்கு அண்ணாச்சியும் ஓடும். அத்தை, மாமா மட்டும் வேண்டாம். அது பொண்ணு கொடுத்து எடுக்கிற முறை. வெளியாள் சொன்னா, "எந்த வழியில மாமா?"ன்னு ஆரம்பிச்சு சாதி விசாரிக்கிறதில் போய் நிக்கும்.

கூட வந்தவரை ஊகிக்கவே கூடாது. "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"னு கேட்டா அவங்களே சொல்லிடுவாங்க.

இன்னொண்ணும் சொல்லணும். பேன்ட் சட்டை போட்டு வர்றவரை "சொல்லுங்க சார்"ங்கிற இளம் டாக்டர், அடுத்து கைலியோட வர்ற அறுபது வயசுக்காரரை "என்னப்பா பண்ணுது உனக்கு?"ங்கிறார். அவருக்கு வயசில் குழப்பமே இல்லை. ஆளைப் பார்த்து எடை போட்டுட்டார், அவ்வளவுதான்.

ரெண்டாவது தடவை அந்த அம்மாகிட்ட, "வாங்கம்மா, கையைக் காட்டுங்க"ன்னேன். வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போனதும் மெதுவா சொன்னாங்க: "சுகர் இருக்குங்க டாக்டர். ரெண்டு வருஷமாச்சு. அவருக்குத் தெரியாது."