மத்தியும் மாத்திரையும்

சங்க அன்பர் சிலர், மீன் எண்ணெய் மாத்திரையை நாள்தோறும் உட்கொள்ளுதல் அவசியமா என வினவியுள்ளனர். மருந்துக் கடைகளில் ஒமேகா-3 என்னும் பெயருடன் அடுக்கி வைக்கப்பட்டுள்ள பொன்னிறக் குப்பிகளைக் கண்டு எழுந்த ஐயம் இது. இம்மாத இதழில் இதனைச் சற்றே ஆராய்வோம்.

ஒமேகா-3 என்பது ஒருவகைக் கொழுப்பு. அதில் மீனிலிருந்து நமக்குக் கிடைப்பவை ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்னும் இரண்டாகும். மீன் இவற்றைத் தானாக ஆக்குவதில்லை. கடல்நீரில் மிதக்கும் நுண்பாசிகளே இவற்றை ஆக்குகின்றன. அவற்றை உண்டு வாழும் மத்தி போன்ற சிறுமீன்களின் தசையில் இக்கொழுப்பு சேர்கிறது. ஆகவே, விலை உயர்ந்த மீனில்தான் சத்து மிகுதி என்று எண்ணுதல் தவறு. எண்ணெய்ப் பசையுள்ள மீனிலேயே அது மிகுதி.

மும்பையில் வாழும் நம்மவர்க்கு இது நற்செய்தியே. நெல்லைச் சீமையார் சாளை என்று அழைக்கும் மத்தி இங்கே தார்லி என்னும் பெயரால் விற்கப்படுகிறது. கானாங்கெளுத்தி இங்கே பாங்டா எனப்படும். இவ்விரண்டும் முன்வரிசையில் நிற்பவை. கல்கத்தாவில் உள்ளோர்க்கு இலிஷ் மீன் அத்தகையது. விருந்துக்கு வாங்கும் வஞ்சிரமும் வௌவாலும் சுவையில் சிறந்தவையாயினும், இச்சத்தில் மத்திக்குப் பின்னரே நிற்கின்றன. குளத்து மீனாகிய ரோஹுவில் அது இன்னும் குறைவு.

இனி ஒரு கணக்குப் பார்ப்போம். குப்பியின் முகப்பில் '1000 மில்லிகிராம்' என்று பெரிய எழுத்தில் காணப்படும். அது எண்ணெயின் எடையேயன்றிச் சத்தின் எடையன்று. மூட்டையின் மொத்த எடை வேறு, உள்ளிருக்கும் சரக்கின் நிகர எடை வேறு என்பது போன்றதே இது. பின்புறத்துச் சிறிய எழுத்துகளைப் படித்தால், சாதாரண மாத்திரை ஒன்றில் ஈ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120, ஆக 300 மில்லிகிராமே இருப்பது விளங்கும். 30 மாத்திரை கொண்ட குப்பியில் உள்ள சத்து 9 கிராம்.

மத்தியின் சதை 100 கிராமில் ஏறத்தாழ 1 கிராம் உண்டு. எனவே அக்குப்பிக்கு ஈடாவது 900 கிராம் சதை. தலை, குடல், முள் ஆகியவற்றின் கழிவைச் சேர்த்துக் கணக்கிட்டால் சுமார் ஒன்றரைக் கிலோ முழுமீன். இந்த அளவு எக்காலத்தும் ஒன்றுபோல் இராது. மழைக்காலம் முடிந்த மாதங்களில் மத்தி கொழுத்திருக்கும். முட்டையிட்ட பின் மெலிந்துவிடும். உடல்நலமுள்ள ஒருவர்க்கு நாளொன்றுக்கு 250 மில்லிகிராம், அதாவது வாரத்திற்கு 1750 மில்லிகிராம் போதுமானது எனக் கொள்வர். வாரம் இருமுறை நூறு நூறு கிராமாகக் கொழுத்த மத்தியை உண்பவர் அதனை அடைந்துவிடுகிறார். குழம்பாகச் சமைத்தால் மீனிலிருந்து கசியும் எண்ணெய் குழம்பிலேயே தங்கும். எண்ணெயில் மூழ்கப் பொரித்தால் அதில் ஒரு பகுதி வாணலிக்குப் போய்விடும்.

மாத்திரையால் மாரடைப்பு தடுக்கப்படுமா? அமெரிக்காவில் 'வைட்டல்' என்னும் பெயரால் 25,871 பேரை ஐந்தாண்டுகளுக்கு மேல் கவனித்து, 2018இல் முடிவு வெளியிட்டனர். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றை ஒருங்கே கணக்கிட்டபோது, நாள்தோறும் ஒரு மாத்திரை உண்டவர்க்கும் வெற்று மாத்திரை உண்டவர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மீனை மிகக் குறைவாக உண்பவரிடையே மட்டும் சிறிது நன்மை தென்பட்டது.

இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு மிகுந்தவர்க்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்து வேறு. அது நாளொன்றுக்குக் கிராம் கணக்கில் கொடுக்கப்படுவது. கடை மாத்திரைகளைக் கூட்டி விழுங்கி அதற்கு ஈடுசெய்ய முயலலாகாது. அளவு மிகுந்தால் சிலர்க்கு இதயத்துடிப்பு ஒழுங்கு தவறும் அபாயம் உண்டு. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் தொடங்கலாகாது.

புலால் உண்ணாத குடும்பத்தினர்க்கு ஆளிவிதையும் கடுகெண்ணெயும் வேறொரு ஒமேகா-3ஐத் தருகின்றன. உடல் அதில் மிகச் சிறு பகுதியையே மேற்சொன்ன இரண்டாக மாற்றிக்கொள்ளும். வேண்டுவோர்க்கு நுண்பாசியிலிருந்தே எடுத்த எண்ணெய் மாத்திரையும் கிடைக்கிறது.

மாத்திரை வாங்கியே தீரவேண்டியவர் ஒன்றைக் கத்தரித்து முகர்ந்து பார்ப்பாராக. சிக்கு நாற்றம் வீசினால் எண்ணெய் கெட்டுவிட்டது என்று பொருள், அக்குப்பியை விலக்குக. வாரம் இருமுறை மத்தியோ கானாங்கெளுத்தியோ அடுப்பேறும் இல்லத்தில், நோயற்றவர்க்கு மாத்திரை தேவையில்லை.