எந்தக் கோவில்பாளையம், பாஸ்?

பீரோ மேல இருக்கிற தகரப் பெட்டியை இறக்குங்க. அப்பாரு காலத்துப் பத்திரம், ஸ்கூல் சர்ட்டிபிகேட் எல்லாம் உள்ளே இருக்கும். ஒண்ணுல சொந்த ஊர் 'கோயில்பாளயம்', இன்னொண்ணுல இங்கிலீஷ்ல 'கோவில் பொல்லியம்'னு படிக்கிற மாதிரி இருந்தா பயந்துடாதீங்க. அன்னைக்கு எழுதினவர் காதில் விழுந்தபடி எழுதினார், அவ்வளவுதான். இன்னைக்கு மட்டும் என்ன வாழுதாம்? 2020 ஜூன்ல 1,018 ஊர்களுக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கை மாத்தி அரசு ஆணை வந்துச்சு. நம்ம கோயம்புத்தூரும் அதில் உண்டு. சில நாள்லயே வாபஸ்!

அதனால உயிரெழுத்தை விடுங்க, மெய்யெழுத்தைப் பிடிங்க. க், வ் இல்லேன்னா ய், ல், ப், ள் இல்லேன்னா ல், ய், ம். இது ஒத்துப்போனா ஒரே பேரு.

அப்பாடான்னு உட்காராதீங்க, இனிமேதான் சிக்கல். சத்தி ரோட்டிலும் ஒரு கோவில்பாளையம், பொள்ளாச்சி ரோட்டிலும் ஒரு கோவில்பாளையம். எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் குலதெய்வத்தைத் தேடி பானை, அரிசியோட தப்பான கோவில்பாளையத்துக்கே போயிட்டாங்க. பஸ்காரரைத் திட்டி என்ன பிரயோஜனம்?

பத்திரத்தைத் திருப்பிப் பாருங்க. பின்பக்கம் சப்-ரிஜிஸ்டர் ஆபீஸ் முத்திரை இருக்கும். எழுத்தர் காதால் கேட்டு எழுதினது இல்லை, ஆபீஸ்ல செஞ்சு வெச்ச முத்திரை. பேர் தப்பாக வாய்ப்பு ரொம்பக் கம்மி. அதில் பொள்ளாச்சின்னு இருந்தா, சத்தி ரோட்டை மறந்துடலாம். ஜில்லாவை மட்டும் நம்பாதீங்க. 1979 வரைக்கும் ஈரோடு கோவை ஜில்லாதான், 1956 வரைக்கும் கொள்ளேகாலமே நம்ம ஜில்லாவுல இருந்துச்சு. திருப்பூர் தனி மாவட்டமானது 2009-ல. தாலுக்காவைப் பாருங்க.

இன்னொரு குழி இருக்கு. வீட்டுல பெரியவங்க சொல்றது குக்கிராமத்தோட பேரு, பத்திரத்தில் இருக்கிறது வருவாய் கிராமத்தோட பேரு. ஒரு வருவாய் கிராமத்துக்குள்ள நாலஞ்சு ஊர் இருக்கலாம். ரெண்டு பேரும் ஒட்டவே ஒட்டாதேன்னு பத்திரத்தைத் தூக்கிப் போட்டுடாதீங்க. கிராம நிர்வாக அலுவலர்கிட்ட, "இந்த வருவாய் கிராமத்துல என்னென்ன குக்கிராமம் இருக்குங்க?"ன்னு கேளுங்க.

கடைசியா, நாலு எல்லை. வடக்கே இட்டேரி, கிழக்கே பள்ளம், தெற்கே இன்னார் தோட்டம்னு எழுதியிருப்பாங்க. இட்டேரி தார் ரோடு ஆகியிருக்கலாம், பள்ளம் சுலபத்தில் இடம் மாறாது. தோட்டத்துக்காரர் பேரை ஊர்ல மூத்த ஒருத்தர்கிட்ட சொல்லிப் பாருங்க. "அட, அவிக பேரன் அங்கதானுங்க இருக்காரு"ன்னு கை காட்டினா, பானையை அங்கே இறக்கலாம்.