சன்ஸ்கிரீனில் உள்ள நானோ துகள்கள்: எங்கள் நிலைப்பாடு

கருமத்தம்பட்டி, சோமனூர் வட்டாரத்து மக்கள் எங்கள் நுகர்வோர் அமைப்பிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது: சன்ஸ்கிரீனில் கலக்கும் சிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு நானோ துகள்கள் தோல் வழியாக ரத்தத்துக்குள் போய்விடுமா? எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். புண்ணில்லாத தோலில் கிரீமாகப் பூசுகிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை. அதே பொருள் ஸ்பிரேயாகவோ தூளாகவோ வந்தால் வாங்க வேண்டாம். வீட்டில் கலக்கி டப்பாவில் அடைத்து விற்பதை நாங்கள் எதிர்க்கிறோம்.

இந்த இரண்டு பொருளும் ஊருக்குப் புதிதல்ல. பாலியஸ்டர், விஸ்கோஸ் இழையின் பளபளப்பைக் குறைக்கச் சேர்ப்பது டைட்டானியம் டை ஆக்சைடுதான். ‘செமி டல்’ நூல் ஓட்டும் தறிக்காரர் தினமும் அதைத் தொடுகிறார். கலமைன் லோஷனில் இருப்பது சிங்க் ஆக்சைடு. சன்ஸ்கிரீனுக்கு மட்டும் இவற்றை ஏன் அவ்வளவு பொடியாக்க வேண்டும் என்றால், பெரிய துகள் வெளிச்சத்தைச் சிதறடித்து வெள்ளையாகத் தெரியும். நம் மாநிறத் தோலில் பூசினால் சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடும். 100 நானோமீட்டருக்குக் கீழே அரைத்தால் அந்த வெள்ளை மறைகிறது, புற ஊதாக் கதிரைத் தடுப்பது மட்டும் நிற்கிறது. நானோ வேண்டாம் என்று ஒதுக்குவது வெளுத்த தோல்காரர்களைவிட நமக்குத்தான் அதிகச் சிரமம்.

அவ்வளவு சிறியது தோலைத் துளைத்துப் போகாதா என்ற சந்தேகம் நியாயமானது. அதைச் சோதிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. உடம்பில் ஏற்கெனவே துத்தநாகம் இருக்கிறது. ரத்தத்தில் தென்படுவது கிரீமிலிருந்து வந்ததா, சாப்பாட்டிலிருந்து வந்ததா என்று எப்படிப் பிரிப்பது? ஆஸ்திரேலியாவின் மக்வாரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் கல்சன் குழு, அணு எடை 68 கொண்ட துத்தநாக ஐசோடோப்பை மிகுதியாகச் சேர்த்து சிங்க் ஆக்சைடு தயாரித்தது. அது கதிரியக்கம் இல்லாதது; ரத்தத்தில் அதன் விகிதம் கூடினால் கூடுதல் கிரீமிலிருந்து வந்தது என்று அடையாளம் தெரிந்துவிடும். 20 பேர் சிட்னி கடற்கரையில், நிஜ வெயிலில், ஐந்து நாள் அந்தக் கிரீமைப் பூசிக்கொண்டார்கள். சிலருக்கு 19 நானோமீட்டர் துகள், மற்றவர்களுக்கு 100 நானோமீட்டருக்கு மேற்பட்டது. 2010இல் முடிவு வெளிவந்தது.

எல்லோருடைய ரத்தத்திலும் சிறுநீரிலும் அந்தத் துத்தநாகம் கொஞ்சம் தென்பட்டது. இதை நாங்கள் மறைக்கவில்லை; ‘துளிகூட உள்ளே போகாது’ என்று விளம்பரம் சொன்னால் அது பொய். ஆனால் அளவைப் பாருங்கள். ரத்தத்தில் இயல்பாக இருக்கும் துத்தநாகத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் வந்தது. பூசியதில் உள்ளே போனது 0.01 சதவீதத்துக்கும் குறைவு. ஒருவர் கைகால், முகம், கழுத்தெல்லாம் 10 கிராம் கிரீம் பூசுகிறார், அதில் 20 சதவீதம் சிங்க் ஆக்சைடு என்று வைத்துக்கொள்வோம். அது 2 கிராம். அதில் துத்தநாகம் சுமார் 1.6 கிராம். 0.01 சதவீதம் முழுதாக உள்ளே போனாலும் 0.16 மில்லிகிராம். ஐசிஎம்ஆர் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஓர் ஆண் நாளொன்றுக்குச் சாப்பிட வேண்டிய துத்தநாகம் 17 மில்லிகிராம்.

போனது துகளாகவா, கரைந்த உப்பாகவா என்பதை அந்த ஆய்வால் சொல்ல முடியவில்லை. அந்த இடத்தில்தான் ஆஸ்திரேலியாவின் இன்னோர் ஆய்வு உதவுகிறது. 2019இல் வெளியான அந்த ஆய்வில், திரும்பத் திரும்ப சிங்க் ஆக்சைடு பூசியவர்களின் தோலை லேசர் நுண்ணோக்கியால் அடுக்கடுக்காகப் பார்த்தார்கள். துகள்கள் மேலே உள்ள செத்த செல் அடுக்கிலும் தோலின் மடிப்புகளிலும் நின்றுவிட்டன. உயிருள்ள அடுக்குக்குள் அவை நுழையவில்லை, அங்கே செல்களுக்குச் சேதமும் தெரியவில்லை. வெயிலில் கன்றிய பன்றித் தோலில் செய்த சோதனையில் துகள் மேலடுக்கில் சற்று ஆழமாகப் போனது, ஆனால் தோலைக் கடக்கவில்லை. வெட்டுக்காயம், கரப்பான் வெடிப்பு, கொப்புளம் உள்ள இடத்துக்கு இந்த ஆறுதலை நீட்டக் கூடாது. அங்கே பூச வேண்டாம்.

இன்னொரு கவலை, வெயில் பட்டதும் இந்தத் துகள்களே வேதிவினையைத் தூண்டுவது. இது கற்பனையில்லை. ஆஸ்திரேலியாவில் பெயின்ட் அடித்த இரும்புக் கூரைத் தகடு மாட்டும் தொழிலாளர்கள் சன்ஸ்கிரீன் கையோடு தகட்டைத் தொட்ட இடங்கள் மட்டும் சீக்கிரமே வெளிறிப் பாழாயின. 2008இல் வெளியான ஆய்வு காரணத்தைச் சொன்னது: அனடேஸ் என்ற படிக வகை டைட்டானியம் டை ஆக்சைடு. நம் தறிக் குடோன் கூரைகளிலும் அப்படிப்பட்ட தகடுதான் இருக்கிறது என்பதால் இது எளிதில் புரியும். ஆனால் பெயின்டுக்கு நடந்தது உயிருள்ள தோலுக்கும் நடக்கிறது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. துகள் செத்த அடுக்கைத் தாண்டுவதில்லை. ஆனாலும் தவிர்க்க வழியிருக்கும்போது தவிர்ப்பதே சரி. ரூட்டைல் வகை இதைவிடச் சாது. சிலிக்கா, அலுமினா அல்லது டைமெத்திகோன் பூச்சு கொடுத்த துகள் இன்னும் சாது.

நுரையீரல் கதை வேறு. டைட்டானியம் டை ஆக்சைடைப் புற்றுநோய் வரவழைக்கக்கூடியவற்றின் 2பி பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது, எலிகள் அதன் தூசியை மூச்சில் இழுத்த சோதனையை வைத்து. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் இரண்டு நானோ பொருளையும் 25 சதவீதம் வரை சன்ஸ்கிரீனில் அனுமதித்துவிட்டு, நுரையீரலுக்குள் போகக்கூடிய வடிவங்களுக்கு மட்டும் தடை போட்டது. ஏற்கெனவே பஞ்சு தூசியில் எட்டு மணி நேரம் நிற்கிறவர் முகத்தில் ஸ்பிரே அடித்துக்கொள்ளத் தேவையே இல்லை.

வீட்டுத் தயாரிப்பு பற்றி. சிங்க் ஆக்சைடு பவுடரைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து ‘இயற்கை சன்ஸ்கிரீன்’ என்று விற்பதில் மூன்று கோளாறு. கொட்டிக் கலக்கும்போது தூசி மூச்சில் ஏறுகிறது. ரப்பர், பெயின்ட் தொழிலுக்கான தரத்தில் ஈயம், காட்மியம் கலந்திருக்கலாம். மூன்றாவதுதான் பெரியது: கையால் குழைத்தால் துகள் கட்டி கட்டியாகத் திரள்கிறது, இடையிடையே தோல் வெறுமையாக நிற்கிறது. பூசியவர் பாதுகாப்பாக இருப்பதாக நம்பி இன்னும் அதிக நேரம் வெயிலில் நிற்பார்.

நானோ என்று பயந்து வேறு கிரீமுக்கு மாறுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2019இல் முன்வைத்த விதியில், பாதுகாப்பானது, பலனுள்ளது என்று ஏற்கப் போதிய தரவு உள்ளதாகச் சொன்னது இந்த இரண்டை மட்டுமே. அதே ஆண்டு அந்த நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் நடத்திய சோதனையில் ஆக்சிபென்சோன், அவோபென்சோன் போன்றவை அளக்கக்கூடிய அளவில் ரத்தத்தில் கலந்தன. கலந்ததாலேயே அவை தீங்கு என்று ஆகிவிடாது. ஆனால் ‘உள்ளே போகிறதா’ என்பதே ஒருவரது கேள்வியானால், நானோவுக்குப் பயந்து இவற்றுக்கு ஓடுவதில் அர்த்தமில்லை.

எல்லோரும் சன்ஸ்கிரீன் வாங்க வேண்டும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. கட்டட வேலைக்கும் காட்டு வேலைக்கும் போகிறவருக்கு முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் மலிவு, உறுதி. நெருக்கமாக நெய்த, வெளுக்காத காடா துணி, வெளுத்த பருத்தியைவிடப் புற ஊதாவை நன்றாகவே தடுக்கும். வெண்புள்ளி உள்ளவர்கள், பிறவியிலேயே நிறமி இல்லாதவர்கள், லூபஸ் நோயாளிகள் மட்டும் கிரீமை விடக் கூடாது. மங்கு உள்ளவர்கள் இரும்பு ஆக்சைடு கலந்த நிறக் கிரீமைத் தோல் மருத்துவரிடம் கேட்டு வாங்கலாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கறுப்பாக்கும், நானோ துகள் அதைத் தடுக்காது.

ஐரோப்பாவில் நானோ வடிவில் சேர்த்த பொருளின் பெயருக்குப் பக்கத்தில் ‘நானோ’ என்று அச்சிடுவது 2013 முதல் கட்டாயம். இங்கே அப்படி இல்லை. 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளைத் திருத்தி, துகள் நானோவா, டைட்டானியம் ரூட்டைலா அனடேஸா, பூச்சு உண்டா என்ற மூன்றையும் டியூபில் போட வைக்க வேண்டும் என்று மத்திய அரசைக் கேட்கிறோம். எங்கள் வட்டாரத்து மருந்துக் கடைக்காரர்களும் சுய உதவிக் குழுக்களும் தூள், ஸ்பிரே, வீட்டுக் கலவை மூன்றையும் இப்போதே விற்பனையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.