கற்பு காத்ததா, கண் காத்ததா? சிகப்பு ரோஜாக்களும் ‘இறுதிப் பெண்’ கோட்பாடும்

கொலைகாரன் ஒருவன் அடுத்தடுத்துப் பலரைக் கொல்ல, கடைசியில் ஒரு பெண் மட்டும் உயிர்பிழைப்பது ஸ்லாஷர் எனப்படும் தொடர்கொலைத் திகிற்படங்களின் அமைப்பாகும். அவ்வாறு எஞ்சுபவளை ‘இறுதிப் பெண்’ எனக் கேரல் குளோவர் 1987ஆம் ஆண்டுக் கட்டுரையில் பெயரிட்டார். அக்கோட்பாட்டைத் தமிழ்த் திரைப்படத்திற்குப் பொருத்துவோர், ‘காமம் துய்த்தவள் சாவாள், கற்புடையவள் பிழைப்பாள்’ என்னும் ஒற்றை விதியாக அதனைச் சுருக்கிவிடுகின்றனர். இக்கருத்து ஏற்புடையதன்று.

முதலில், அவ்விதி பிறந்த இடத்திலேயே அது முழுமையாகச் செல்லுபடியாகவில்லை. ஜான் கார்ப்பென்டரின் ‘ஹாலோவீன்’ (1978) படத்தின் லோரி, தோழியின் காரில் கஞ்சா புகைக்கிறாள், எனினும் பிழைக்கிறாள். ‘ஸ்கிரீம்’ (1996) படத்தில் உடலுறவு கொள்ளாதே, குடிக்காதே எனப் பிழைக்கும் விதிகளை ஒரு பாத்திரமே பட்டியலிடுகிறது. அவற்றுள் முதல் விதியை மீறிய சிட்னியும் பிழைக்கிறாள். இறுதிப் பெண்ணிடம் குளோவர் கண்ட சிறப்பு ஒழுக்கம் மட்டுமன்று. பிறர் காணத் தவறுவதை அவள் காண்கிறாள், ஆபத்தை உய்த்துணர்கிறாள், ஆயுதம் ஏந்தித் திருப்பித் தாக்குகிறாள்.

‘ஹாலோவீன்’ வெளிவந்த அதே 1978 அக்டோபரில் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ வெளிவந்தது. செல்வந்தனான திலீப், பெண்களைத் தன் மாளிகைக்கு அழைத்துவந்து கொன்று தோட்டத்தில் புதைக்கிறான். அம்மண்ணில் ரோஜாக்கள் வளர்கின்றன. துணிக்கடையில் பணியாற்றும் சாரதாவையும் அவன் விரும்புகிறான். அவளோ திருமணம் இன்றி உறவுக்கு இசையாள். எனவே அவளை மணந்து வீட்டிற்கு அழைத்து வருகிறான்.

சாரதாவைக் கற்பு காத்தது என்போர் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்கவில்லை. திருமணத்தை வற்புறுத்திய அவளது ஒழுக்கமே அவளைக் கொலைக்களத்தினுள் கொண்டு சேர்க்கிறது. பிற பெண்கள் விருந்தினராக நுழைந்த வீட்டில் அவள் மனைவியாக நுழைகிறாள், ஆபத்து ஒன்றே. தாலி அவளுக்குக் காவல் ஆகவில்லை. கணவன் இல்லாத இரவில் அம்மாளிகையின் மறைவிடங்களைத் தானே துருவிக் கண்டு, உண்மையை அறிந்து ஓடியதாலேயே அவள் பிழைக்கிறாள். அவளைக் காத்தது கண்.

அவ்வாறாயின், ‘தவறியவள் சாகவேண்டும்’ என்னும் விதி யாருடையது? அது திலீப்புடையது. சிறுவயதில் ஒரு பெண் அவனை நெருங்கிப் பின் அவன்மீதே பழி சுமத்துகிறாள்; அவனை வளர்த்தவரின் மனைவி கணவனுக்குத் துரோகம் இழைக்கிறாள். இவற்றிலிருந்து அவன் தன் சட்டத்தை வகுத்துக்கொள்கிறான். சட்டம் கொலைகாரனுடையதே ஆயினும், அதற்குரிய சான்றுகளை அளிப்பது படம். பின்னோக்குக் காட்சிகள் அச்சான்றுகளை மறுப்பதில்லை. அவனிடம் இரக்கம் கொள்ளவே தூண்டுகின்றன. தீர்ப்பைக் கொலைகாரன் வாயில் வைத்துவிட்டு, தீர்ப்புக்கான நியாயத்தைப் பார்வையாளர் மனத்தில் விதைப்பதே இவ்வகைப் படங்களின் அறவியல் தந்திரம் எனலாம்.

தமிழ்ப் படத்தின் தனித்தன்மை இறுதிக் காட்சியில் வெளிப்படுகிறது. லோரி பின்னல் ஊசியாலும் கொலைகாரனின் கத்தியாலுமே அவனைத் தாக்குகிறாள். கடைசியில் அவனைச் சுடுபவர் மருத்துவர் என்றாலும், அவள் கை ஓய்ந்திருக்கவில்லை. சாரதாவோ ஓடுகிறாள். இடுகாடுவரை துரத்திவரும் திலீப் தானே காயமுற்றுப் பிடிபடுகிறான். கொலைகாரன் கணவனாகவும் இருப்பதால், அவனை வீழ்த்தும் உரிமையைப் படம் அவளுக்கு வழங்கவில்லை. பின்னர்ச் சிறையில், மனம் சிதைந்தும் அவள் பெயரை மறவாதவனாக அவனைக் காட்டி, கொலைகாரனை மீண்டும் காதலனாக்குகிறது. அவள் கண்டறிந்த உண்மையின் கூர்மை அங்கு மழுங்கடிக்கப்படுகிறது.

இதனைத் தமிழ் மரபின் இயல்பு எனக் கூறி அமைதி காணவும் இயலாது. குண்டலகேசி இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. எனினும் அதன் கதை நீலகேசி உரைவழி அறியப்படுகிறது. வணிகன் மகள் பத்திரை, கொலைத் தண்டனையினின்று மீட்கப்பட்ட கள்வனான காளனை மணக்கிறாள். அவன் அவளைக் கொல்லக் கருதி மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான். அவன் உட்கருத்தை அறிந்த அவள், இறக்குமுன் கணவனை வலம்வர வேண்டும் என வேண்டி, பின்னிருந்து அவனைத் தள்ளிவிடுகிறாள். கணவனைத் தொழும் சடங்கையே கருவியாக்கித் தன்னுயிர் காத்த அவளைக் காப்பியம் தண்டிக்கவில்லை. பௌத்தத் துறவியாகவும் வாதில் வல்லவளாகவும் உயர்த்துகிறது.

காண்பவள், உய்த்துணர்பவள், திருப்பித் தாக்குபவள் என்னும் மூன்று கூறுகளும் பத்திரையிடம் உள்ளன. சாரதாவிடம் மூன்றாவது பறிக்கப்பட்டுள்ளது. ஆகவே, தமிழ்த் திகிற்படங்களை ஆராய்வோர் ‘யார் கற்புடையவள்’ என வினவுவதை விடுத்து, ‘பிழைத்தவளுக்கு எது மறுக்கப்பட்டது’ என வினவுதல் வேண்டும். முதல் வினா, திலீப் எழுப்பிய வினாவே ஆகும்.