தொட்டியைப் படியுங்கள்

நெய்வேலியில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய ஃபாயர்ஹாண்ட் அரிக்கேன் விளக்கை வெள்ளைக்காரன் காலத்துச் சாமான் என்றார்கள். மண்ணெண்ணெய்த் தொட்டியைத் துடைத்து, சாக்பீஸ் பொடியை மெல்லத் தேய்த்தேன். 'வெஸ்டர்ன் ஜெர்மனி' என்ற எழுத்துகள் தெளிந்தன. அந்த நாடு 1949-இல் உருவாகி 1990-இல் மறைந்தது. ஆக, விளக்கு சுதந்திரத்துக்குப் பிந்தியது. கண்ணாடியில் 'ஷாட் மைன்ஸ்' என்றிருந்தது; ஷாட் ஆலை மைன்ஸ் நகருக்கு வந்ததே 1952-இல்தான். ஆனால் கண்ணாடி உடைந்தால் வேறு வாங்கி மாட்டுவார்கள். திரி ஏற்றும் பர்னரையும் கழற்றி மாற்றலாம். இரண்டும் தங்கள் வயதைத்தான் சொல்லும், விளக்கின் வயதை அல்ல. தகரத்தில் அழுத்திய எழுத்தையே நம்ப வேண்டும். துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் முன் அதைப் படித்துவிடுங்கள்.