“நல்லா முயற்சி செய்தாய்” போதுமா?

சென்ற தவணைப் பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகளைப் பாராட்டுவது பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். “‘நீ கெட்டிக்காரி’ என்பதைக் குறைத்து, பிள்ளையின் உழைப்பைப் பாராட்டுங்கள்” என்று தொடங்கினேன்.

அதற்கு ஆதாரமாக முல்லர், டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் 1998 இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வைச் சொன்னேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதலில் ஓரளவு இலகுவான புதிர்களைக் கொடுத்து, சிலரின் கெட்டித்தனத்தையும் வேறு சிலரின் உழைப்பையும் பாராட்டினார்கள். அடுத்துக் கடினமான புதிர்கள், எல்லோரும் தடுமாறினார்கள். மூன்றாம் முறை மீண்டும் இலகுவானவை. கெட்டித்தனம் புகழப்பட்டோர் முதல் தடவையை விடக் குறைவாகவும், உழைப்பு புகழப்பட்டோர் கூடுதலாகவும் செய்தார்கள். தோல்வி வந்ததும் “அப்படியென்றால் நான் கெட்டிக்காரி இல்லைப்போல” என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது.

பேசி முடித்ததும் ஒரு உம்மா எழுந்தார். “ரீச்சர், நான் எப்பவும் உழைப்பைத்தான் புகழுறன். மகளும் இரவிரவாப் படிக்கிறாள். புள்ளி கூடேல்லையே?”

மகளின் கணிதக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தாள். மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டியிருக்கிறாள். அதே பிழையோடு ஒரு பக்கம் முழுக்கக் கணக்குகள். உழைப்பு இருந்தது, வழி பிழை. அந்தப் பக்கத்தைப் பார்த்து “நல்லா முயற்சி செய்தாய்” என்றால் பிழைதான் பழக்கமாகும். “ஐந்தில் இரண்டு அரையை விடச் சின்னது. அரையோடு இன்னொன்றைக் கூட்டினால் விடை எப்படிக் குறையும்?” என்று கேட்க வேண்டும். பகுதி எண்களை ஆறாக்கி, ஆறில் ஐந்து என்று அவளே கண்டுபிடித்த பிறகு, “விடை சரிதானா என்று நீயே பார்த்தாயே” என்று பாராட்டலாம். வெறும் முயற்சியைப் புகழ்வது தன் கருத்தல்ல என்று டுவெக்கே பின்னர் எழுதினார்.

இன்னொரு எல்லையும் உண்டு. “மூளை வளரக்கூடியது” என்று பிள்ளைகளுக்குக் கற்பிப்பதன் பயனைப் பலர் சோதித்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 மாணவரிடம் நடத்தி 2019 இல் வெளியான பெரிய ஆய்வில், புள்ளி குறைந்த மாணவர்களுக்கு முன்னேற்றம் கிடைத்தது. ஆனால் அது சிறியது. மனநிலை மட்டும் பாடத்தைக் கற்றுத்தராது.

யாழ்ப்பாணத்து முஸ்லிம்களாகிய எங்களுக்கு இது புதிதல்ல. 1990 ஒக்டோபரில் இங்கிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்து அகதி முகாம்களில் படித்த பிள்ளைகள் பின்தங்கியது முயற்சிக் குறைவாலா? இன்றும் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாத வகுப்பில் இருக்கும் பிள்ளையிடம் “இன்னும் முயற்சி செய்” என்பது, எங்கள் கடமையை அவள் தலையில் வைப்பதாகும்.

ஆகவே பெற்றோரிடம் நான் கேட்பது இதுதான்: புள்ளியைப் பார்க்கும் முன் கொப்பியைத் திறந்து, எந்த வரியில் வழி தவறினாள் என்று அவளிடமே கேளுங்கள். அவளுக்கும் உங்களுக்கும் அது விளங்காவிட்டால் பாராட்டை விட்டுவிட்டு எங்களிடம் வாருங்கள். அங்கே தேவைப்படுவது ஒரு ஆசிரியர்.